உதடுகளில் தங்கிவிட்ட சொற்கள்

நேர்காணலை அச்சில் வெளியிடுகிறவர்களுக்கு மூன்று புள்ளிகள் என்றொரு வசதி உண்டு. பேசியவர் தடுமாறிய இடத்தையோ, சொன்னதையே மறுபடி சொன்ன இடத்தையோ நீக்கிவிட்டு அங்கே மூன்று புள்ளிகளை வைத்துவிடலாம். எல்லாப் பத்திரிகைகளும் அதைச் செய்வதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் வைக்கப்பட்ட இடத்தில் வாசகருக்கு ஓர் அறிவிப்பு கிடைத்துவிடுகிறது. என்ன விடுபட்டது என்று அவருக்குத் தெரியாது. ஏதோ விடுபட்டிருக்கிறது என்பது தெரியும்.

படம் பிடித்த நேர்காணலில் இந்த மூன்று புள்ளிகளுக்கு நிகரானது, படமே தரும் ஒரு துள்ளல். நகராத காமிரா முன் ஒருவர் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். நடுவிலிருந்து ஐந்து நொடிகளை வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் ஒட்டினால், இடப்பக்கம் சாய்ந்திருந்த தலை ஒரே கணத்தில் நிமிர்ந்துவிடும். மடியிலிருந்த கை மோவாய்க்குத் தாவிவிடும். இதைத்தான் ஜம்ப் கட் என்கிறார்கள். பார்ப்பவர் படத்தொகுப்பைப் பற்றி ஒன்றும் அறியாதவராக இருந்தாலும், இங்கே கத்தரி விழுந்திருக்கிறது என்று அவர் கண் சொல்லிவிடும்.

அந்தத் துள்ளலை மறைக்க, பேச்சொலியை அப்படியே ஓடவிட்டு, படத்தை மட்டும் சில நொடிகளுக்கு வேறொன்றாக மாற்றுவது வழக்கம். பேசுபவரின் கைகள், மேஜை மேலிருக்கும் புத்தகம், சன்னலுக்கு வெளியே தெரு, தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் நிருபர் என எதுவாகவும் அது இருக்கலாம். இவ்வாறு இடையில் செருகும் படங்களுக்கு பி-ரோல் என்று பெயர். மூன்று புள்ளிகளைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டியை வரைந்து வைப்பதற்கு ஒப்பானது இது. மறைத்தல் என்ற சொல் நம்மை உடனே சந்தேகத்துக்கு இழுத்துச் செல்கிறது. ஆனால் இதன் வரலாற்றைப் பார்த்தால், எவரையும் ஏமாற்றுவதற்காக அல்லாமல், பிலிம் சுருளின் உடலமைப்பிலேயே இருந்த ஒரு கோளாறைச் சரிசெய்யவே இது தொலைக்காட்சிச் செய்தியில் இத்தனை தூரம் வேரூன்றியது என்று தெரிகிறது.

தொலைக்காட்சிச் செய்திகள் பிலிமில் எடுக்கப்பட்ட காலம் அது. அமெரிக்காவில் 1950களிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை அதற்குப் பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் பிலிமே பயன்பட்டது. ஆரிகான் போன்ற காமிராக்கள் படத்தையும் ஒலியையும் ஒரே பிலிமில் பதிவு செய்தன; பிற்காலத்தில் பிலிமின் ஓரத்தில் காந்தப் பூச்சுப் பட்டை ஒன்று இருக்கும், அதில் குரல் பதியும். இரவுச் செய்திக்குள் கழுவி, வெட்டி, ஒட்டி முடிக்க வேண்டியவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் படம் பதியும் இடத்தில் பிலிம் ஒவ்வொரு ஃபிரேமாக நின்று நின்று நகரவேண்டும். ஒலி பதியும் இடத்திலோ அது நிற்காமல் சீராக ஓடவேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் செய்ய இயலாது. ஆகவே ஒலித் தலையைச் சற்றுத் தள்ளி வைத்தார்கள். அதன் விளைவாக, ஒரு படத்துக்குரிய ஒலி அந்தப் படத்தின் பக்கத்தில் இல்லாமல், காந்தப் பட்டையில் 28 ஃபிரேம் முன்னால் இருந்தது. நொடிக்கு 24 ஃபிரேம் என்ற வேகத்தில் இது ஒரு நொடிக்குச் சற்று அதிகம்.

வெட்டாமல் ஓட்டும்வரை இதனால் தொல்லை இல்லை. திரையிடும் கருவியிலும் அதே இடைவெளி இருப்பதால் குரலும் உதடும் பொருந்திவிடும். கத்தரி எடுத்தால்தான் சிக்கல். ஓர் அமைச்சர் தவறாக ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, பிறகு திருத்திச் சொல்கிறார் என்று கொள்வோம். தொகுப்பாளர் தவறான வாக்கியத்தின் ஒலியை நீக்கி, திருத்திய வாக்கியத்தின் முதல் ஒலியிலிருந்து பிலிமை ஒட்டுகிறார். அந்த ஒலிக்குப் பக்கத்தில் பிலிமில் இருக்கும் படமோ அதற்கு ஒரு நொடி முந்தையது. அதாவது அமைச்சர் தவறான வாக்கியத்தின் கடைசிச் சொற்களை இன்னும் உச்சரித்துக்கொண்டிருக்கும் படம். திரையில் ஓட்டும்போது இந்தப் படம் முதலில் வந்துவிடும். அதன்மேல் கேட்பதோ, வெட்டுக்கு முன்பிருந்த பகுதியின் கடைசிச் சொற்கள். ஆக, நீக்கிய சொற்கள் செவியிலிருந்து மறைந்தன, உதடுகளில் தங்கிவிட்டன. ஒரு நொடிக்கு மேல் வாய் ஒன்று சொல்ல, குரல் வேறொன்று சொல்லும். லிப் ஃபிளாப் என்று தொழிலாளர்கள் இதை அழைத்தார்கள்.

இதற்குக் கண்ட தீர்வு இரண்டு சுருள்கள். பேசுபவர் இருக்கும் சுருள் ஏ. இன்னொரு சுருளில் கறுப்புப் பிலிமை அளந்து சேர்த்து, ஏ சுருளில் வெட்டு வரும் அதே இடத்தில் மட்டும் வேறொரு காட்சியை ஒட்டினார்கள், அது பி. இரண்டையும் இரு புரொஜெக்டர்களில் ஏற்றி ஒரே கணத்தில் ஓட்டுவார்கள். ஒலி முழுவதும் ஏ சுருளிலிருந்து வந்துகொண்டிருக்க, கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் குறித்த நொடியில் படத்தை மட்டும் பி சுருளுக்கு மாற்றி, பிறகு திரும்ப ஏ சுருளுக்கு வருவார். செய்தி நேரலையாக ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும்போதே இது நடந்தது. ஒரு நொடி பிந்தினால் அந்த வாயசைவு நாட்டுக்கே தெரிந்துவிடும். பி-ரோல் என்ற பெயர் இந்த இரட்டைச் சுருள் முறையிலிருந்து வந்ததே. பிலிம் கூடங்களில் ஒட்டுத் தடங்கள் தெரியாமலிருக்க 16 மில்லிமீட்டர் படங்களை ஏ, பி என்று இரு சுருள்களாகப் பிரித்து அச்சிடும் வழக்கமும் இருந்தது. அங்கேயும் நோக்கம் தையல் தெரியக்கூடாது என்பதுதான்.

பி சுருளில் ஒட்ட ஏதாவது ஒரு படம் வேண்டும். தீ விபத்து என்றால் தீயைக் காட்டலாம். ஓர் அதிகாரியின் அறையில் எடுத்த நேர்காணலில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஆகவே நிருபரையே படமெடுத்தார்கள். பெரும்பாலும் ஒரே காமிராதான். நேர்காணல் முழுவதும் அது விருந்தினரையே பார்த்துக்கொண்டிருக்கும். எல்லாம் முடிந்த பிறகு காமிராவைத் திருப்பிவைத்து, நிருபர் தலையசைப்பதையும், கேட்ட கேள்விகளை மறுபடி கேட்பதையும் எடுத்துக்கொண்டார்கள். பதில் சொல்வதற்கு அப்போது எதிரே ஆள் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. இங்கேதான் கோளாறுக்குப் போட்ட ஒட்டு வேறொன்றாக மாறத் தொடங்குகிறது என்று நாம் கருதுகிறோம். பூந்தொட்டி எதையும் சொல்வதில்லை. கவலையோடு தலையசைக்கும் நிருபரின் முகம், தான் கேட்டிராத ஒரு சொல்லுக்குச் சாட்சி சொல்கிறது.

ஜேம்ஸ் எல். புரூக்ஸ் இயக்கிய 'பிராட்காஸ்ட் நியூஸ்' (1987) திரைப்படத்தின் முடிச்சு இந்த இடத்தில்தான் விழுகிறது. வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணை நேர்காணும் நிருபர் கண்ணீர் விடுவது ஒளிபரப்பாகிறது. அன்று ஒரே ஒரு காமிராதான் இருந்தது என்பது பின்னர் தயாரிப்பாளரான நாயகிக்கு நினைவூட்டப்படுகிறது. அப்படியானால் அவள் பேசும்போது அவன் முகத்தை எடுத்தது யார்? கண்ணீர் பிற்பாடு வரவழைக்கப்பட்டது. அவளுடைய காதல் அந்தக் கேள்வியோடு முடிவுக்கு வருகிறது.

கதைக்கு வெளியே, 1971-ல் இதுவே அமெரிக்க நாடாளுமன்றம் வரை சென்றது. அந்த ஆண்டு பிப்ரவரி 23 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சி 'தி செல்லிங் ஆஃப் தி பென்டகன்' என்ற ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. வியட்நாம் போர்க்காலத்தில், ராணுவத் தலைமையகம் மக்கள் பணத்தைக் கொண்டே மக்களிடம் தன்னை விளம்பரம் செய்துகொள்கிறது என்பது படத்தின் வாதம். தயாரித்தவர் பீட்டர் டேவிஸ். தொகுத்து வழங்கியவர் ரோஜர் மட். ராணுவத்தின் செய்தித் தொடர்புக்குப் பொறுப்பான துணைச் செயலர் டேனியல் ஹென்கின் அதில் நேர்காணப்பட்டார்.

பொருட்காட்சிகளிலும் கடைவளாகங்களிலும் போர்க்கருவிகளைக் காட்சிக்கு வைப்பதால் என்ன பயன் என்று மட் கேட்கிறார். ஒளிபரப்பில் ஹென்கின் சொல்லும் விடையின் முதல் வாக்கியம், அது மக்களுக்குத் தம் படைகளைப் பற்றித் தெரிவிக்கிறது என்பது. அது அவர் அந்தக் கேள்விக்குச் சொன்னதே. தொடர்ந்து அவர் உண்மையில் சொன்னது, இளைஞர்கள் படையில் சேர ஆர்வம் கொள்ள அது உதவக்கூடும் என்பது. அது படத்தில் இல்லை. அதற்குப் பதிலாக, மக்களுக்குப் படைகளைப் பற்றிக் கேட்க உரிமை உண்டு, போதைப்பொருள் சிக்கலையும் நிறவெறிச் சிக்கலையும் பற்றிக்கூடக் கேட்கலாம் என்று வேறொரு கேள்விக்கு அவர் சொன்ன பகுதி வந்து ஒட்டிக்கொள்கிறது. பீரங்கிகளை ஏன் காட்சிக்கு வைக்கிறீர்கள் என்று கேட்டால், போதைப்பொருளைப் பற்றி உளறும் மனிதராக அவர் தென்பட்டார். அவர் சொல்லாத சொல் ஒன்றுகூட அதில் இல்லை. அதே படத்தில் ஜான் மக்நீல் என்ற கடற்படைப்பிரிவுக் கர்னலின் மேடைப்பேச்சும் பல இடங்களிலிருந்து வாக்கியங்களை எடுத்து, முன்பின் மாற்றி, ஒரே மூச்சில் பேசியதுபோல் கோக்கப்பட்டிருந்தது.

நாடாளுமன்றக் குழுவின் தலைவர் ஹார்லி ஸ்டாகர்ஸ், ஒளிபரப்பாகாத பிலிம் முழுவதையும் ஒப்படைக்குமாறு ஆணை அனுப்பினார். சி.பி.எஸ். தலைவர் ஃபிராங்க் ஸ்டான்டன் மறுத்தார். ஒரு நிருபரின் குறிப்பேட்டை அரசு கேட்பதற்கு ஒப்பானது இது என்பது அவர் தரப்பு. அவமதிப்புக் குற்றச்சாட்டு அவைக்கு வந்து, 1971 ஜூலை 13 அன்று 226-க்கு 181 என்ற வாக்குகளில் குழுவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. வழக்கு அதோடு நின்றது. இதைப் பத்திரிகைச் சுதந்திரத்தின் வெற்றியாகவே வரலாறு எழுதுகிறது. நாமும் அதில் வேறுபடவில்லை. வெட்டிய துண்டுகளை அரசிடம் ஒப்படைக்கவேண்டும் என்றிருந்தால், அரசைப் பற்றிய படம் எதையும் எவரும் எடுக்கத் துணியமாட்டார்கள். ஆனால் வென்றவர்களே அதே ஆண்டு தம் விதிகளைத் திருத்தினார்கள் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. ஒரு கேள்விக்கு விடையாகக் காட்டப்படுவது அந்தக் கேள்விக்குத் தரப்பட்டதாகவே இருக்கவேண்டும், வேறிடத்திலிருந்து எடுத்துச் சேர்த்தால் அதைப் பார்வையாளருக்குச் சொல்லவேண்டும் என்று சி.பி.எஸ். செய்திப்பிரிவு எழுதிவைத்துக்கொண்டது.

காந்த நாடா வந்து, பிறகு கணினியும் வந்த பின் 28 ஃபிரேம் இடைவெளி ஒழிந்தது. லிப் ஃபிளாப் இல்லை. இரண்டாவது சுருளும் இல்லை. பழக்கம் மட்டும் எஞ்சியது. இன்று ஒரு முதிய எழுத்தாளரைப் பதிவு செய்கிறோம் என்று கொள்வோம். "அந்த நாவலை நான் எழுதியது அறுபத்திரண்டில்... இல்லை, அறுபத்து மூன்றில், மதுரையில் இருந்தபோது" என்கிறார். "அறுபத்திரண்டில் இல்லை" என்ற துண்டை எடுத்துவிடலாம். அவர் திருத்திக்கொண்டதையே நாமும் மதிக்கிறோம். முதலில் ஒலியை மட்டும் கவனிக்கவேண்டும். வெட்டு இரு சொற்களுக்கு இடையிலோ, அவர் மூச்சு இழுக்குமிடத்திலோ விழவேண்டும். "எழுதியது" என்பதன் ஏற்றமும் "அறுபத்து மூன்றில்" என்பதன் தொடக்கமும் செவிக்கு ஒரே வாக்கியமாகப் பொருந்துகிறதா என்று கண்ணை மூடிக் கேட்கவேண்டும். பொருந்தாவிட்டால் எந்தப் படமும் உதவாது. இடைவெளி தேவைப்பட்டால், யாரும் பேசாதபோது அதே அறையில் அரை நிமிடம் பதிவு செய்துவைத்த வெற்று ஒலியை இட்டு நிரப்பவேண்டும். முழு மௌனத்தை இட்டால் மின்விசிறியின் ஓசை அறுந்து, வெட்டு காதில் கேட்கும்.

பிறகுதான் படம். வெட்டுக்கு ஒரு நொடி முன்பே நாவலின் பழைய அட்டையைக் கொண்டுவந்து, வெட்டைக் கடந்து இரண்டு மூன்று நொடிகள் வைத்திருந்து, அடுத்த வாக்கியத் தொடக்கத்தில் அவர் முகத்துக்குத் திரும்பலாம். சரியாக வெட்டு விழும் இடத்தில் படம் மாறினால் அது தையலைச் சுட்டிக்காட்டும் விரல் போலாகிவிடும். பேச்சுக்குத் தொடர்புள்ள படமாக இருப்பதும், வெட்டு இல்லாத இடங்களிலும் அத்தகைய படங்கள் சில வருவதும் நல்லது. தவறு நேர்ந்த இடங்களில் மட்டும் ஒரு தேநீர்க் கோப்பை தோன்றினால், மூன்றாவது முறையில் பார்வையாளர் அதைப் புரிந்துகொள்வார்.

நம் மொழியில் இதற்கு ஒரு கூடுதல் ஆபத்து இருப்பதையும் சொல்லவேண்டும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. மறுப்பும் ஐயமும் அந்த வினையின் வாலில்தான் இருக்கின்றன. "அவர் அதைத் திருடினார் என்று நான் நினைக்கவில்லை" என்ற வாக்கியத்தில் "திருடினார்" என்பதோடு நிறுத்திக்கொண்டு, அதன்மேல் ஒரு புத்தக அலமாரியைக் காட்டினால், சொன்னவர் தாம் சொன்னதற்கு நேர் எதிரானதைச் சொன்னவராகிறார். "என்கிறார்கள்" என்ற ஒரு சொல்லை நீக்கினால் ஊர்ப்பேச்சு அவருடைய வாக்குமூலமாகிவிடும். ஆகவே வாக்கியத்தின் தலையிலோ நடுவிலோ கத்தரி வைப்பதைவிட, வாலில் வைப்பதற்குப் பல மடங்கு தயங்கவேண்டும்.

மறைக்கும் படமே பொய்யாக முடியும் என்பதற்கு 2016-ல் வெளிவந்த 'அண்டர் தி கன்' ஆவணப்படம் சான்று. ஸ்டெஃபானி சோக்டிக் இயக்கியது. நேர்கண்டவர் கேட்டி கூரிக். துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் வர்ஜீனியா மாநிலக் குழு ஒன்றிடம் அவர், வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்காவிட்டால் குற்றவாளிகள் துப்பாக்கி வாங்குவதை எப்படித் தடுப்பீர்கள் என்று கேட்கிறார். திரையில் அவர்கள் ஒன்றும் சொல்லாமல், பார்வையைத் தாழ்த்தி, சில நொடிகள் அமர்ந்திருக்கிறார்கள். உண்மையில் அவர்கள் உடனடியாகவே விடையளித்திருந்தார்கள். குழுவினர் தாமே பதிவு செய்துவைத்திருந்த ஒலியை வெளியிட்டபோது இது தெரியவந்தது. அந்த மௌனம், பேச்சில்லாத வேறொரு வேளையில் எடுக்கப்பட்ட பி-ரோல். கூரிக் அது தவறான தோற்றம் தந்தது என்று ஒப்புக்கொண்டார். குழுவினர் தொடுத்த அவதூறு வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2018-ல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. சட்டப்படி அது அவதூறு ஆகவில்லை. ஆனால் ஹென்கின் விஷயத்தில் சொற்களைக் கொண்டு செய்யப்பட்டது, இங்கே ஒரு சொல்கூட இல்லாமல் செய்யப்பட்டுவிட்டது.

பார்ப்பவர் இதைக் கண்டுகொள்ள முடியுமா? எப்போதும் முடியாது என்பதே நேர்மையான விடை. ஆயினும் சில தடங்கள் உண்டு. வாக்கியத்தின் நடுவில், எவ்விதத் தேவையுமின்றிப் படம் விலகினால் அங்கே ஒரு வெட்டு இருக்கக்கூடும். திரும்பி வரும்போது குரலின் சுருதியோ, சன்னல் வெளிச்சமோ, கோப்பையில் தேநீரின் அளவோ மாறியிருந்தால் இடையில் காலம் கழிந்திருக்கிறது. கேள்வி கேட்பவரும் விடை சொல்பவரும் ஒருமுறைகூட ஒரே சட்டத்துக்குள் தென்படாவிட்டால், இந்தக் கேள்விக்குத்தான் இந்த விடையா என்று கேட்டுக்கொள்வது தகும். வெட்டு இருப்பதாலேயே வஞ்சம் இருப்பதாக முடிவு கட்டிவிடக் கூடாது. பெரும்பாலான வெட்டுகள் இருமலையும் தடுமாற்றத்தையும் நீக்கியவையே.

மறைக்காமலே விட்டவர்களும் உண்டு. எரால் மாரிஸ் தம் 'தி ஃபாக் ஆஃப் வார்' (2003) படத்தில் வியட்நாம் போர்க்காலப் பாதுகாப்புச் செயலர் மக்னமாராவின் பேச்சை வெட்டிய இடங்கள் பலவற்றை அப்படியே காட்டுகிறார்; முதியவரின் முகம் ஒரே வாக்கியத்துக்குள் துள்ளித் துள்ளி நகர்கிறது. பிரிட்டனின் ஃபைவ் நியூஸ், 2007-ல், பிற்பாடு எடுத்துச் செருகும் தலையசைப்புகளைக் கைவிடுவதாக அறிவித்தது. இவர்கள் வெட்டுவதை நிறுத்திவிடவில்லை. மூன்று புள்ளிகளை அதன் இடத்தில் திரும்ப வைத்தார்கள்.

அந்த முதிய எழுத்தாளரின் பதிவுக்கு நாம் திரும்புவோம். ஆண்டைத் தவறாகச் சொல்லித் திருத்திய இடத்தில் நாவலின் அட்டையை வைத்து மூடலாம். அதில் எவருக்கும் இழப்பில்லை. ஆனால் தம் சமகாலத்தவர் ஒருவரைப் பற்றிக் கடுமையாக ஏதோ சொல்லத் தொடங்கி, நிறுத்தி, பிறகு மெல்லப் பேசுகிறார் என்றால், அந்த இடத்தின்மேல் எந்த அட்டையையும் வைக்காமலிருப்பதே முறை. அவர் வேண்டாமென்றால் முழுவதையும் நீக்கிவிடலாம். வைத்துக்கொண்டால், தலை துள்ளுவது தெரியட்டும்.